ஸ்லைடுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே என்ன பேசுவது? முதல்முறை பேசப்போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பெங்களூரில் குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலோ, ஞாயிற்றுக்கிழமை கூடும் தமிழ் வட்டத்திலோ "நீங்க ஒரு 12 நிமிஷம் பேசுங்க, நாலு ஸ்லைடு போட்டுடுங்க" என்று கேட்டிருப்பார்கள். நீங்களும் ஒப்புக்கொண்டு ஸ்லைடுகளைத் தயார் செய்துவிட்டீர்கள். ஒவ்வொரு ஸ்லைடும் தனியாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. பேசிப் பார்க்கும்போது மட்டும் ஸ்லைடு மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் பேச்சு அறுந்து, "அடுத்து…" என்று இழுத்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கிறது.

அப்படி அறுகிற இடத்தில் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றியது இந்த வழிகாட்டி. அதை இங்கே இணைப்பு வாக்கியம் என்று சொல்கிறேன். பவர்பாயின்ட்டில் Transitions என்று ஒரு தாவல் உண்டு. பக்கம் சுழல்வது, கரைவது போன்ற அசைவுகளுக்கானது அது. அதற்கும் நாம் பேசப்போவதற்கும் தொடர்பில்லை, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

முழுவதையும் ஒரே எடுத்துக்காட்டில் செய்து காட்டுகிறேன். தனி வீடுகள் உள்ள ஒரு லேஅவுட்டில், தமிழ் பேசும் 30 வீட்டாருக்கு மழைநீர் சேகரிப்பைப் பற்றி 12 நிமிடம் பேச வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் சம்ப் இருக்கிறது, காவேரி கனெக்‌ஷனும் இருக்கிறது.

## 1. தேவையானவை, ஆகும் நேரம், செலவு

ஒரு A4 தாள், ஒரு பென்சில், குரல் பதிவு செய்யும் போன், ஸ்லைடு கோப்பு. இவை போதும். நடந்துகொண்டே பேசும் பழக்கம் இருந்தால், தூரத்திலிருந்தே ஸ்லைடை மாற்றும் ஒரு கிளிக்கர் வாங்கிக்கொள்ளலாம், எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். கூட்டத்துக்குக் கொண்டுபோகும் குறிப்புகளை அச்செடுக்கத் தெருமுனை ஜெராக்ஸ் கடை போதும்.

நேரம்தான் உண்மையான செலவு. 8 ஸ்லைடுக்கு 7 இணைப்புகள் வேண்டும். தலைப்புகளை ஒழுங்கு செய்ய அரை மணி, இணைப்புகளை எழுத முக்கால் மணி, சத்தமாகப் பேசிப் பார்க்க இன்னொரு அரை மணி ஒதுக்குங்கள். இதைக் கூட்டத்துக்கு முந்தைய இரவில் வைத்துக்கொள்ளாதீர்கள். இணைப்பு எழுத உட்கார்ந்தால் ஸ்லைடின் வரிசையே மாறும், சில ஸ்லைடுகள் கழன்று விழும். அதற்கு இரண்டு நாளாவது இடைவெளி வேண்டும்.

## 2. தலைப்புகளை மட்டும் தாளில் எழுதி, மேலிருந்து கீழே படியுங்கள்

பவர்பாயின்ட்டில் View மெனுவில் Outline View என்று இருக்கிறது. அதைத் திறந்தால் தலைப்புகள் வரிசையாக வரும். ஒரு தலைப்பு அங்கே வராமல் வெற்றாக இருந்தால், அதைத் தலைப்புக்கான பெட்டியில் எழுதாமல் தனியாக Text Box போட்டு எழுதியிருக்கிறீர்கள் என்று பொருள். அதைத் திருத்திவிட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

நம் எடுத்துக்காட்டின் முதல் வடிவம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

1. மழைநீர் சேகரிப்பு
2. பெங்களூரின் மழை அளவு
3. வடிகட்டி வகைகள்
4. காவிரி நீர் விநியோகம்
5. மீள்நிரப்புக் கிணறு
6. முதல் மழை
7. சட்ட விதிகள்
8. நன்றி

இதைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். மளிகைப் பட்டியல் படிப்பதுபோல இருக்கும். ஒவ்வொன்றும் பெயர்ச்சொல்லாக நிற்கிறது, எதுவும் எதையும் சொல்லவில்லை. "மழை அளவு" என்றால் அது அதிகமா, குறைவா, போதுமா? சொல்லாத ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் பாலம் போட முடியாது. இணைப்பு எழுத வராமல் தவிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சொல்வன்மை குறைவு என்று உங்களை நீங்களே நொந்துகொள்கிறீர்கள், கோளாறு தலைப்பில் இருக்கிறது.

எனவே முதல் வேலை, ஒவ்வொரு தலைப்பையும் வினைமுற்றோடு முடிகிற வாக்கியமாக மாற்றுவது. அதற்கு ஸ்லைடில் உள்ள கணக்கைப் போட்டு முடித்திருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டின் கணக்கு எளிது. நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று அரசு வகுத்த அளவை வைத்தால், நாலு பேர் வீட்டுக்கு 540 லிட்டர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். பெங்களூரில் ஆண்டுக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. 900 என்றே வைத்தால் 100 சதுர மீட்டர் கூரையில் 90,000 லிட்டர். தெறிப்பது, காய்வது எல்லாம் போகப் பத்தில் எட்டுப் பங்கு கைக்கு வரும் என்று வைத்தால் 72,000 லிட்டர். அதாவது 133 நாள் தண்ணீர்.

கணக்கு முடிந்த பிறகு தலைப்புகள் தாமாகவே பேசத் தொடங்கும்:

1. நம் கூரையில் விழும் மழை எங்கே போகிறது?
2. நாலு பேர் வீட்டுக்கு நாளுக்கு 540 லிட்டர் வேண்டும்
3. அந்தத் தண்ணீர் 100 கிலோமீட்டர் தாண்டி, மேடேறி வருகிறது
4. நம் கூரையிலேயே ஆண்டுக்கு 72,000 லிட்டர் கிடைக்கிறது
5. முதலில் வரும் 200 லிட்டரை வெளியே விட வேண்டும்
6. மீதியை வடிகட்டிச் சம்ப்புக்கு அனுப்பலாம்
7. சம்ப் கொள்ளாததைக் கிணறு வாங்கிக்கொள்ளும்
8. இந்த வாரம் கூரையை அளந்துவிடலாம்

முதல் தலைப்பு மட்டும் கேள்வி. மற்ற ஏழும் சேர்ந்து அதற்குப் பதில். இப்போது மேலிருந்து கீழே படித்தால், ஸ்லைடே இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரரிடம் விளக்குவதுபோல ஏறக்குறைய வந்துவிட்டது. வரிசை மாறியதையும் கவனியுங்கள். காவிரி நான்கிலிருந்து மூன்றுக்கு ஏறியது. முதல் மழை வடிகட்டிக்கு முன்னால் வந்துவிட்டது, தண்ணீர் குழாயில் இறங்கும் வரிசையே அதுதான்.

## 3. இரண்டு தலைப்புக்கு நடுவே எந்தச் சொல் பொருந்துகிறது?

புதிய தலைப்புகளை, இடையிடையே ஒரு வரி இடம் விட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதுங்கள்: ஆனால், அதனால், ஏனென்றால், அப்படியானால், இருந்தாலும். இவற்றில் ஒன்று பொருந்தினால் அந்த இரு ஸ்லைடும் உறவுள்ளவை. "மேலும்", "அடுத்து", "அதேபோல" மட்டுமே பொருந்தினால் இரண்டும் தற்செயலாகப் பக்கத்தில் நிற்கின்றன.

நம் பட்டியலில் 3-க்கும் 4-க்கும் நடுவே "ஆனால்" கச்சிதமாக நிற்கும்: அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது, ஆனால் நம் கூரையிலேயே இவ்வளவு கிடைக்கிறது. 4-க்கும் 5-க்கும் நடுவே "இருந்தாலும்". 6-க்கும் 7-க்கும் நடுவே மறுபடி "ஆனால்".

சட்ட விதி ஸ்லைடு எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். பெங்களூரில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிச் சட்டத் திருத்தம் 2009-ல் வந்தது. முக்கியமான செய்திதான். ஆனாலும் இந்த வரிசையில் அதை எங்கே வைத்தாலும் "மேலும்" என்ற சொல்தான் நிற்கிறது. தண்ணீர் கூரையிலிருந்து கிணறு வரை இறங்கிவருகிற கதையின் நடுவே சட்டம் குறுக்கே நின்றுவிடும். அதைக் கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் வைத்து, வலது கிளிக் செய்து Hide Slide கொடுத்துவிடுங்கள். யாராவது சட்டத்தைப் பற்றிக் கேட்டால், காட்சியின் நடுவிலேயே அந்த ஸ்லைடின் எண்ணைத் தட்டி Enter அழுத்தினால் நேராக அங்கே போகும். மறைத்த ஸ்லைடும் திறக்கும். இப்படி ஒதுக்கி வைக்கத் துணிவு வேண்டும். உழைத்துச் செய்த ஸ்லைடு என்பதற்காக வரிசையில் திணித்தால், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு இணைப்புகள் செயற்கையாகிவிடும்.

## 4. இணைப்பு வாக்கியத்தை அந்தாதிபோல எழுதுங்கள்

நம் மொழியில் இதற்கு ஒரு பழைய கருவி இருக்கிறது. ஒரு பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ அந்தச் சொல்லிலேயே அடுத்த பாட்டைத் தொடங்குவது அந்தாதி. நூறு பாட்டை வரிசை பிசகாமல் மனப்பாடமாகச் சொல்ல முடிவது அதனால்தான்: ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டை இழுத்துக்கொண்டு வரும். ஸ்லைடிலும் அதேதான் வேண்டும். இந்த ஸ்லைடில் நீங்கள் கடைசியாக உச்சரிக்கும் சொல், அடுத்த ஸ்லைடின் தலைப்பில் கண்ணில் பட வேண்டும்.

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவது இங்கே சிறு தடையாக இருக்கும். "கூரையில் எவ்வளவு தண்ணீர் கிடைக்கிறது என்பதை இப்போது பார்ப்போம்" என்று சொன்னால் காதில் கடைசியாக நிற்பது "பார்ப்போம்". அந்தச் சொல் எதையும் இழுக்காது. வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள். பேச்சுத் தமிழ் அதைத் தாராளமாக அனுமதிக்கிறது: "நம்ம கூரையில விழுறது எவ்வளவு?" இப்போது கடைசிச் சொல் "எவ்வளவு". கிளிக் செய்தால் திரையில் 72,000.

7 இணைப்புகளையும் எழுதினால் இப்படி வரும்:

1→2: "மழை எங்க போகுதுன்னு அப்புறம் பார்க்கலாம். முதல்ல நம்ம வீட்டுக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுறது எவ்வளவு?"

2→3: "குழாயைத் திறந்தா அந்த 540 லிட்டரும் வந்துடுது. அதனால அது எவ்வளவு தூரம் வருதுன்னு நமக்குத் தோணுறதே இல்ல, அந்தத் தூரம்…"

3→4: "அவ்வளவு தூரத்திலேர்ந்து, மூணு இடத்துல பம்ப் பண்ணி, மேல ஏத்திக் கொண்டுவர்றாங்க. ஆனா பம்பே இல்லாம வர்ற தண்ணி நம்ம தலைக்கு மேலேயே இருக்கு, நம்ம கூரையில."

4→5: "72,000 லிட்டர், 133 நாளைக்குக் காணும். இருந்தாலும் எல்லாத்தையும் சம்ப்ல விட்டுடக்கூடாது. தூசி, காக்கா எச்சம் எல்லாத்தையும் கழுவிக்கிட்டு வர்றது முதல் தண்ணி."

5→6: "அந்த 200 லிட்டர் வெளிய போயிடுச்சு. தூசி போச்சு, இலையும் சருகும் இன்னும் வரும். அதைப் பிடிக்க வேணும் ஒரு வடிகட்டி."

6→7: "சுத்தமான தண்ணி சம்ப்புக்குள்ள போகுது. ஆனா சம்ப் பிடிக்கிறது 6,000 லிட்டர். ஒரே ராத்திரி 90 மில்லிமீட்டர் பெஞ்சா வர்றது 7,200. காலி சம்ப்பா இருந்தாலும் வழியும் 1,200. அது எங்க போகும்?"

7→8: "இது எல்லாத்துக்கும், குழாய் எவ்வளவு பெருசு, கிணறு எவ்வளவு ஆழம்னு மேஸ்திரி உங்களை முதல்ல கேக்கப்போறது ஒண்ணே ஒண்ணுதான்: கூரை எத்தனை சதுர அடி?"

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, ஒவ்வொரு இணைப்பும் இரண்டு வேலை செய்கிறது. முன் பாதி இப்போதைய ஸ்லைடிலிருந்து ஒரே ஒரு பொருளைக் கையில் எடுக்கிறது: 540, தூரம், 72,000, 200. பின் பாதி அந்தப் பொருளை வைத்தே ஒரு இடைவெளியைத் திறக்கிறது. முன் பாதி இல்லாவிட்டால் பேச்சு தாவும். பின் பாதி இல்லாவிட்டால் வெறும் தொகுப்புரையாகி நின்றுவிடும். புதியவர்கள் பெரும்பாலும் முன் பாதியை எழுதிவிட்டு இணைப்பு முடிந்ததென்று நினைக்கிறார்கள்.

இரண்டு, எல்லாம் கேள்வியாக இல்லை. ஏழில் மூன்றுதான் கேள்வி. ஒவ்வொரு கிளிக்குக்கும் முன்னால் கேள்வி கேட்டால் நாலாவது ஸ்லைடிலேயே அவையினர் வகுப்பறையில் உட்கார்ந்திருப்பதுபோல உணர்வார்கள். ஒன்று தொங்கலாக நிற்கிறது (2→3), சில பெயர்ச்சொல்லில் முடிகின்றன. அடுத்தடுத்து மூன்று கேள்வி வந்தால் ஒன்றை மாற்றுங்கள்.

மூன்று, பதிலை எதுவும் முன்கூட்டியே உடைக்கவில்லை. "அது மீள்நிரப்புக் கிணத்துக்குப் போகும், அதைப் பார்க்கலாம்" என்று 6→7-ல் சொல்லிவிட்டால், ஏழாம் ஸ்லைடு வரும்போது எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். திரையை நிமிர்ந்து பார்க்கக் காரணம் இருக்காது.

நீளம்: ஒரு இணைப்புக்கு இரண்டு மூன்று சிறு வாக்கியங்கள், பத்து விநாடிக்குள். 6→7 மட்டும் கணக்கு இருப்பதால் கொஞ்சம் நீண்டிருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் மெதுவாகப் பேச வேண்டும்.

## 5. ஸ்லைடு எழுத்துத் தமிழில், இணைப்பு பேச்சுத் தமிழில்

மேலே உள்ள இணைப்புகளைப் பேச்சு நடையில் எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. "அத்தகைய நீர் எங்கிருந்து கொண்டுவரப்படுகிறது?" என்று குறிப்பில் எழுதிவைத்தால், மேடையில் இரண்டில் ஒன்று நடக்கும். அதை அப்படியே படிப்பீர்கள், செய்தி வாசிப்பதுபோல ஒலிக்கும். அல்லது பேசும்போதே மனத்துக்குள் பேச்சுத் தமிழுக்கு மாற்ற முயல்வீர்கள், நடுவில் தடுமாறுவீர்கள். திணறல் கிளிக்கின் பக்கத்திலேயே வருவதால், அறுந்த இடம் இன்னும் அகலமாகத் தெரியும். வாயில் வரப்போவதையே எழுதுங்கள். "பெஞ்சா", "போயிடுச்சு" என்று எழுதக் கூச்சப்பட வேண்டாம், அது உங்கள் கண்ணுக்கு மட்டுமான குறிப்பு.

சுட்டுச்சொற்களில் ஒரு பொறி இருக்கிறது. "இது", "இந்த" என்று சொன்னால் அவையினரின் கண் திரைக்குப் போகும். திரையில் இன்னும் பழைய ஸ்லைடு இருக்கும்போது, வரப்போவதை "இந்தக் கிணறு" என்று சொன்னால் அவர்கள் வடிகட்டிப் படத்தில் கிணற்றைத் தேடுவார்கள். பழையதைக் குறிக்க "அந்த", திரையில் இருப்பதைக் குறிக்க மட்டும் "இந்த" என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐயமாக இருந்தால் சுட்டை விட்டுப் பெயரையே சொல்லிவிடுங்கள்.

பெங்களூர்க் கூட்டங்களில் இன்னொன்றும் உண்டு. தமிழ்க் கூட்டம் என்றாலும் நாலைந்து கன்னடக் குடும்பங்கள் வந்து உட்காருவார்கள். இங்கேயே வளர்ந்த நம் பிள்ளைகள் தமிழ் கேட்டால் புரிந்துகொள்வார்கள், திரையில் தமிழை வேகமாகப் படிக்க வராது. முழுப் பேச்சையும் இரு மொழியில் சொன்னால் 12 நிமிடம் 24 ஆகும். இணைப்பு வாக்கியத்தை மட்டும் கன்னடத்திலும் ஒருமுறை சொல்லுங்கள். "ஆதரெ" என்றால் ஆனால், "அதக்கே" என்றால் அதனால். இந்த இரண்டு சொல்லும் எண்களும் காதில் விழுந்தாலே பேச்சு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவர்களுக்குப் பிடிபடும். மீதியைப் படம் பார்த்துக்கொள்ளும்.

## 6. சொல்லி முடித்த பிறகு கிளிக் செய்யுங்கள்

இணைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கிளிக் முந்திவிட்டால் வீண். திரை மாறிய உடனே எல்லோரும் படிக்கத் தொடங்குவார்கள். படிக்கும்போது காது பாதி மூடிக்கொள்ளும். நீங்கள் "ஆனா தலைக்கு மேலேயே…" என்று அழகாகச் சொல்வது 72,000-ஐப் படித்துக்கொண்டிருப்பவருக்கு எட்டாது.

வரிசை இதுதான்: இணைப்பைச் சொல்லுங்கள், கடைசிச் சொல்லில் ஒரு மூச்சு நில்லுங்கள், கிளிக் செய்யுங்கள், இரண்டு விநாடி பேசாமல் இருங்கள், பிறகு தலைப்பில் உள்ள விஷயத்தைச் சொல்லுங்கள். அந்த இரண்டு விநாடி உங்களுக்கு நெடுநேரமாகத் தோன்றும், அவையினருக்குத் தோன்றாது.

இதற்கு, அடுத்த ஸ்லைடு என்ன என்பது திரை மாறுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிய வேண்டும். பவர்பாயின்ட்டில் Presenter View அதைக் காட்டும். வீட்டில் ஒரே திரையில் பழக Alt+F5 அழுத்துங்கள். கூட்டத்தில் புரொஜக்டரோடு லேப்டாப் ஒத்துழைக்காமல் போகலாம், இரண்டிலும் ஒரே படமே வரலாம். அப்போது கைகொடுப்பது தாள்தான்: தலைப்பும் இணைப்பும் மட்டும் வரிசையாக எழுதிய ஒரே ஒரு A4.

இணைப்பை எந்த ஸ்லைடின் Notes பகுதியில் எழுதுவது என்று குழம்புவார்கள். 3→4 இணைப்பை மூன்றாவது ஸ்லைடின் குறிப்பில், கடைசி வரியாக எழுதுங்கள். அதைச் சொல்லும்போது திரையில் இருப்பது மூன்றுதான். வரியின் தொடக்கத்தில் ஏதேனும் ஒரு குறி போடுங்கள், `>>` போதும்:

```
>> அவ்வளவு தூரத்திலேர்ந்து... ஆனா தலைக்கு மேலேயே, நம்ம கூரையில.  [கிளிக்]
```

குறிப்பை யூனிகோடில் தட்டுங்கள். பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டிய குறிப்பு, அந்த எழுத்துரு இல்லாத இன்னொருவரின் லேப்டாப்பில் திறந்தால் பொருளற்ற குறிகளாகத் தெரியும். சங்கத்தின் லேப்டாப்பில்தான் ஓட்ட வேண்டும் என்றால் அரை மணி முன்பே போய்க் கோப்பைத் திறந்து குறிப்புகளைப் பார்த்துவிடுங்கள்.

## 7. ஒரு ஸ்லைடை நகர்த்தினால் எத்தனை இணைப்பு உடைகிறது?

இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஸ்லைடை இழுத்து வேறிடத்தில் போட்டால் அதன் குறிப்பும் கூடவே போகும். அந்தக் குறிப்பின் கடைசி வரியோ பழைய பக்கத்து ஸ்லைடை நோக்கிப் பேசிக்கொண்டிருக்கும்.

நடுவில் உள்ள ஒரு ஸ்லைடை நீக்கினால் இரண்டு இணைப்பு உடையும், புதிதாக ஒன்று எழுத வேண்டும். நடுவில் ஒன்றைச் சேர்த்தால் ஒன்று உடையும், இரண்டு எழுத வேண்டும். ஒன்றை எடுத்து வேறு இடத்தில் வைத்தால் பொதுவாக மூன்று உடையும், மூன்று எழுத வேண்டும்: அது கிளம்பிய இடத்தில் ஒன்று, போய்ச் சேர்ந்த இடத்தில் முன்னும் பின்னும் இரண்டு.

நம் எடுத்துக்காட்டில் செயலாளர், "காவேரி ஸ்லைடு வேண்டாம், எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்று கூட்டத்தன்று காலையில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3-ஐ எடுத்துவிட்டால் 2→3-ம் 3→4-ம் போய்விடும். புதிதாக 2→4 எழுத வேண்டும்: "540 லிட்டருக்கு நாம குழாயை மட்டுமே நம்பியிருக்கோம். ஆனா தினமும் அண்ணாந்து பார்த்தா தெரியுற ஒரு இடமும் இருக்கு, நம்ம கூரை." இதை எழுதாமல் விட்டால், இல்லாத தூரத்தைப் பற்றி "அவ்வளவு தூரத்திலேர்ந்து…" என்று ஆரம்பித்து நடுவில் நிற்பீர்கள். கடைசி நேர மாற்றத்துக்குச் சம்மதிக்கும் முன் எத்தனை இணைப்பு எழுத வேண்டிவரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

## 8. ஸ்லைடு இல்லாமல் பதிவு செய்து கேளுங்கள்

முதல் ஒத்திகையில் லேப்டாப்பை மூடிவையுங்கள். கையில் தாள் மட்டும். தலைப்பு, இணைப்பு, தலைப்பு, இணைப்பு என்று போனில் பேசிப் பதிவு செய்யுங்கள், நடுவே விளக்கம் வேண்டாம். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஸ்லைடைப் பார்க்காத ஒருவரிடம், வீட்டில் அம்மாவிடமோ தம்பியிடமோ, அதைப் போட்டுக் காட்டி, என்ன சொன்னேன் என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "நல்லா இருந்துச்சா?" என்று கேட்காதீர்கள், நல்லா இருந்தது என்றுதான் சொல்வார்கள்.

அவர்கள் திருப்பிச் சொல்லும்போது எந்த இடத்தில் "அப்புறம் ஏதோ…" என்று வருகிறதோ அந்த இணைப்பு செத்திருக்கிறது. அந்த இடத்தில் பெரும்பாலும் மூன்றில் ஒரு கோளாறு இருக்கும். இணைப்பில் இரண்டு கேள்விகளை அடுக்கியிருப்பீர்கள், அவர்கள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டிருப்பார்கள். அல்லது இணைப்பு ஒன்றைக் கேட்டிருக்கும், தலைப்பு வேறொன்றுக்குப் பதில் சொல்லியிருக்கும்: "எங்க போகும்?" என்று கேட்டுவிட்டு, "கிணற்றின் ஆழம் 20 அடி" என்ற தலைப்பைக் காட்டினால் இடத்தைக் கேட்டவருக்கு அளவு கிடைக்கிறது. அல்லது முந்தைய ஸ்லைடில் ஐந்து செய்திகளைச் சொல்லிவிட்டு, நடுவில் போகிற போக்கில் சொன்ன ஒன்றை இணைப்பு கையில் எடுத்திருக்கும். இந்த மூன்றாவது கோளாறுக்கு இணைப்பைத் திருத்திப் பயனில்லை. முந்தைய ஸ்லைடில் அந்தச் செய்தியைக் கடைசிக்கு நகர்த்துங்கள்.

இரண்டாவது ஒத்திகையை ஸ்லைடோடு, Slide Show தாவலில் உள்ள Rehearse Timings வைத்துச் செய்யுங்கள். ஒவ்வொரு ஸ்லைடிலும் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று காட்டும். முடிவில் அந்த நேரங்களைச் சேமிக்கவா என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சேமித்தால் கூட்டத்தில் ஸ்லைடுகள் தானாக ஓடத் தொடங்கும், கிளிக் உங்கள் கையில் இருக்காது.

## 9. கூட்டத்துக்கு வராதவர்களுக்கு அனுப்பும்போது

கூட்டம் முடிந்ததும் வாட்ஸாப் குழுவில் "பிபிடி அனுப்புங்க" என்று கேட்பார்கள். ஸ்லைடை மட்டும் அனுப்பினால் இணைப்புகள் அத்தனையும் உங்களிடமே தங்கிவிடும், படிப்பவருக்கு மறுபடி மளிகைப் பட்டியல்தான். விண்டோஸ் பவர்பாயின்ட்டில் File, Export, Create PDF/XPS போய், Options திறந்து, Publish what என்ற இடத்தில் Notes pages தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஸ்லைடு, கீழே குறிப்பு என்று வரும். மறைத்த ஸ்லைடுகளைச் சேர்க்கவா என்பதையும் அதே இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும் முன் குறிப்புகளில் இரண்டு திருத்தம் வேண்டும். `[கிளிக்]` குறிகளை எடுத்துவிடுங்கள். தொங்கலாக விட்ட இணைப்புகளை முடித்து எழுதுங்கள். மேடையில் "அந்தத் தூரம்…" என்று நிறுத்தியதைத் திரை முடித்துவைத்தது. பக்கத்தைப் புரட்டிப் படிப்பவருக்கு அது பாதியில் அறுந்த வாக்கியமாகத் தெரியும். "அந்தத் தூரம் சுமார் 100 கிலோமீட்டர்" என்று முடித்துவிட்டால் போதும். பேச்சு நடையை எழுத்து நடையாக மாற்ற வேண்டியதில்லை. படிப்பவர் காதில் உங்கள் குரல் கேட்கட்டும்.